புகார் எண்

(பொள்ளாச்சி. தேங்காய் எண்ணெய் சோப்புகள் பலகையில் வாரக்கணக்கில் காய்ந்துகொண்டிருக்கின்றன. கோமதி சித்தி உறை சுற்றுகிறார். பெங்களூரிலிருந்து வந்த பிரபு மடிக்கணினியைத் திறக்கிறான். லோகோ மூன்று நிறத்தில் தயார். பணம் கட்டும் பொத்தான் மட்டும் இன்னும் வேலை செய்யவில்லை.)

பிரபு: சொந்தமா வெப்சைட் இருந்தாத்தான் சித்தி நீங்க பிராண்டு.

சித்தி: இப்ப நான் யாரு கண்ணு?

பிரபு: மார்க்கெட்பிளேஸ்ல பதினாலாம் பக்கம். கமிஷன், குளோசிங் ஃபீ, ஷிப்பிங், அதுக்கெல்லாம் ஜி.எஸ்.டி. 150 ரூபா சோப்புல கைக்கு என்ன வருது?

சித்தி: பிடிச்சது போக 58. எண்ணெய், காரம், உறைக்கு 45. மிச்சம் 13.

பிரபு: வெப்சைட்னா பேமென்ட் கேட்வேக்கு ரெண்டு சதவீதம். மூணே ரூபா!

சித்தி: கொரியரு?

பிரபு: ஒரு... 60. கஸ்டமர் கட்டுவாங்க.

சித்தி: 150 ரூபா சோப்புக்கு 60 ரூபா கொரியர் நீ கட்டுவியா?

பிரபு: ஃப்ரீ ஷிப்பிங்னு போட்டுரலாம்.

சித்தி: அப்ப நான் கட்டறேன். சரி, உன் கடைக்கு ஆளு எப்படி வரும்?

பிரபு: விளம்பரம் குடுக்கணும். ஆரம்பத்துல ஒரு ஆர்டருக்கு நூறு, நூத்தம்பது ஆகும்.

சித்தி: அங்க கமிஷன்காரன், இங்க விளம்பரக்காரன். அவனாச்சும் வித்தாத்தான் பிடிக்கறான். இவன் விக்காட்டியும் பிடிப்பான்.

பிரபு: ஆனா வர்ற ஆளு உங்க ஆளு சித்தி. சோப்பு ஒரு மாசத்துல கரைஞ்சுரும், மறுபடி வாங்கித்தான் ஆகணும். மார்க்கெட்பிளேஸ்ல அவங்க நம்பர்கூட உங்களுக்குக் கிடைக்காது. ‘அடுத்த தடவை நேரா எங்ககிட்ட வாங்குங்க’ன்னு பார்சல்ல சீட்டு வெச்சா, கணக்கையே முடக்கிருவாங்க.

சித்தி: இது நியாயமான பேச்சு. (முதல்முறையாகக் கை நிற்கிறது.) ஆனா ஒத்தை சோப்பை நேரா அனுப்பறதே இல்ல. கொரியர்ல அரை கிலோ வரைக்கும் ஒரே காசு. நாலு சோப்பு, பெட்டியோட 470 கிராம். அஞ்சாவதை வெச்சா அடுத்த ஸ்லாப்புக்குப் போயிரும். 60 ரூபாயை நாலாப் பிரிச்சா சோப்புக்கு 15. பணம் யு.பி.ஐ.ல வந்துரும், கேட்வேயும் வேண்டாம்.

பிரபு: நேரா அனுப்பறீங்களா? யாருக்கு?

சித்தி: மார்க்கெட்பிளேஸ்ல ஒருதரம் வாங்குனவங்களுக்கு. புது ஆளைக் கூட்டிட்டு வர்ற கூலின்னு நெனச்சு அங்க கமிஷனைக் குடுத்தர்றேன்.

பிரபு: அவங்களுக்கு உங்க நம்பர் எப்படிக் கெடைச்சது? சீட்டு வெச்சீங்களா?

சித்தி: சீட்டு எதுக்கு? உறையைத் திருப்பிப் பாரு. பாக்கெட் போட்டு விக்கற பொருள்ல, புகார் சொல்றதுக்கு போன் நம்பரும் ஈமெயிலும் அச்சடிச்சே ஆகணும். 2011 விதி. சர்க்காரே சொல்லும்போது நான் கொஞ்சம் பெருசாவே அடிச்சுட்டேன்.

பிரபு: புகார் நெறைய வருதா?

சித்தி: தெனமும் வருது. ‘சோப்பு தீந்துபோச்சுங்க’ன்னு.