ஒரு 3, ஒரு 8, நாற்பத்தெட்டாயிரம் ரூபாய்

வட்டக்கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில் என் வீடு. கொஞ்ச தூரத்தில் நான் கிளார்க்காக இருக்கும் வங்கிக் கிளை. இந்த இரண்டுக்கும் நடுவே, ஒரே ஒரு எண்ணைத் தப்பாக அடித்து, ஒரு வாரம் தூக்கம் கெட்டுத் திரிந்தவன் நான்.

2023 ஆகஸ்ட் 11, வெள்ளிக்கிழமை. மறுநாள் இரண்டாம் சனி, அதற்கடுத்து ஞாயிறு, செவ்வாய் சுதந்திர தினம். அதனால் அன்று கவுண்டரில் சந்தைக் கூட்டம். மயிலாடிச் சிற்பி அண்ணாச்சி ஒருவர் கல் வாங்கிய பாக்கிக்காக 48,000 ரூபாய் நெஃப்ட் பண்ண வந்தார். உளி பிடிக்கிற கை. எழுத்தும் கல்லில் வெட்டியதுபோலத் தெளிவாகவே இருந்தது. அவர் எழுதியது 3. நான் அடித்தது 8.

கணக்கு எண்ணை இரண்டு முறை அடிக்கச் சொல்லும் எங்கள் திரை. தப்பாய்ப் பார்த்த கண் இரண்டாம் முறையும் அதே தப்பைத்தான் பார்க்கும் என்பதை அதை வடிவமைத்தவரிடம் யாரும் சொல்லவில்லை போலும். நான் மேக்கர், ஆபீசர் செக்கர். அவர் தொகையைச் சரிபார்த்தார், கையெழுத்தைச் சரிபார்த்தார், எண்ணின் முதல் நாலையும் கடைசி நாலையும் சரிபார்த்தார். 8 நடுவில் உட்கார்ந்திருந்தது. பணம் போய்விட்டது.

நாலு மணிக்கு அண்ணாச்சி திரும்பி வந்தார். "தம்பி, ரூவா ஏறலன்னு சொல்லுகான். என்னன்னு பாருங்க."

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அப்போது நெஃப்ட்டில் பெயரை யாரும் பார்ப்பதில்லை. எண் ஒன்றுதான் கணக்கு. அப்படி எண்ணை மட்டும் வைத்து வரவு வைக்கலாம், எண்ணைச் சரியாகக் கொடுப்பது அனுப்புகிறவர் பொறுப்பு என்று 2010-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. அடித்த எண்ணில் கணக்கே இல்லையென்றால் இரண்டு மணி நேரத்துக்குள் பணம் தானாகவே திரும்பி வந்துவிடும். ஆக, பெரிய தப்பு செய்தவன் பிழைத்துக்கொள்வான். சின்னத் தப்பு செய்தவன்தான் மாட்டுவான். சில வங்கிகள் கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தை மற்ற இலக்கங்களிலிருந்து கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். ஒரு எண் மாறினாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். நான் அனுப்பிய வங்கியின் எண்ணில் அந்தக் காவல்காரன் இல்லை. நாலு மணி நேரமாகியும் பணம் திரும்பவில்லை. அதற்கு அர்த்தம், என் 8-க்கு எங்கேயோ ஒரு சொந்தக்காரர் இருக்கிறார்.

மேனேஜர் முதலில் கேட்டது, "செலான் எங்கவே?" பதற்றத்தில் கேட்டதல்ல, அதுதான் முறை. செலானில் தப்பாக எழுதியிருந்தால் பொறுப்பு வாடிக்கையாளருடையது. நாங்கள் கடிதம் எழுதி உதவலாம், அவ்வளவே. செலானில் 3 இருந்தது. எனவே தப்பு கிளையுடையது. கிளை என்றால் நான். அண்ணாச்சியின் பணத்தை வங்கி சஸ்பென்ஸ் கணக்கிலிருந்து திங்கட்கிழமை சரியான எண்ணுக்கு அனுப்பியது. அதன்பிறகு தொலைந்த பணம் அவருடையதல்ல, எங்களுடையது. எனக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ. அதில் "கவனக்குறைவு" என்ற சொல் மூன்று முறை வந்தது. மூன்றுமே பிழையில்லாமல் அடிக்கப்பட்டிருந்தன.

வெள்ளி சாயங்காலமே வள்ளியூரில் இருந்த அந்த வங்கிக் கிளைக்கு யூடிஆர் எண், தேதி, தொகை, போக வேண்டிய எண், போன எண் எல்லாம் போட்டு மெயில் அனுப்பினோம். பின்னால் பிரச்சினை வந்தால் நாங்கள் பொறுப்பு என்று ஓர் உறுதிக் கடிதமும் கூடவே. கேட்டது ஒன்றே ஒன்று: அந்தத் தொகைக்கு லியன் போடுங்கள், அதாவது பணத்தைக் கணக்கிலேயே கட்டிப்போடுங்கள். பணத்தை எடுத்துத் திருப்பி அனுப்ப அவர்களால் முடியாது. அதற்குக் கணக்குக்காரர் கையெழுத்து வேண்டும். அவர் பெயரையும் சொல்ல மாட்டார்கள், போன் நம்பரும் தர மாட்டார்கள். நாங்களும் தர மாட்டோம்.

மெயிலைப் பார்க்கத்தான் ஆளில்லை. 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் இருபத்துநாலு மணி நேரமும் ஓடுகிறது. பணம் போவதற்கு ராத்திரி பகல் கிடையாது. திரும்புவதற்கு மட்டும் திங்கட்கிழமை பத்து மணி வேண்டும்.

ஞாயிறு சாயங்காலம் கோட்டை மேல் போய் உட்கார்ந்தேன். கடல் சத்தம் கேட்டால் மனசு ஆறும் என்று பார்த்தால், டிலனாய் ஞாபகம்தான் வந்தது. 1741-ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுக்காரர். அப்புறம் அந்த ராஜாவுக்கே தளபதியாகி, இந்தக் கோட்டையைப் பலப்படுத்தியவர். தப்பான முகவரிக்கு வந்து சேர்ந்த மனிதர் கடைசிவரை திரும்பிப் போகவேயில்லை; உதயகிரிக் கோட்டையில்தான் அவர் கல்லறை. என் 48,000-க்கும் அந்த விதிதானோ என்று இருந்தது.

திங்கட்கிழமை பதில் வந்தது. லியன் போட்டாயிற்று, ஆனால் 42,006 ரூபாய்க்குத்தான். மீதி? 12-ஆம் தேதி அவருடைய கடன் தவணை 5,640 ரூபாயை எடுத்துக்கொண்டு போய்விட்டது. 2021 ஆகஸ்ட் முதல் தவணைப் பிடித்தமும் எல்லா நாளும் நடக்கிறது. அதற்கு இரண்டாம் சனி கிடையாது. குறைந்தபட்ச இருப்பு வைக்காததற்கு அபராதம் ஜிஎஸ்டியோடு 354. யாருடைய பணம் என்று கேட்காமல் முதலில் கை வைத்தது வங்கிதான்.

புதன்கிழமை அந்தக் கிளையிலிருந்து கணக்குக்காரருக்குப் போன் போட்டார்கள். "ஒங்க கணக்குல தப்பா பணம் வந்திருக்கு, திருப்பித் தரணும்." அவர் போனை வைத்துவிட்டார், நம்பரையும் பிளாக் செய்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியுமா? மோசடிக்காரன் சொல்வதும் இதே வசனம்தானே. அடுத்த மாதமே சென்னையில் ஒரு கார் ஓட்டுநர் கணக்கில் 9,000 கோடி வந்து விழுந்தது. அவரும் மோசடி என்றுதான் நினைத்து, நிஜமா என்று பார்க்க நண்பருக்கு 21,000 அனுப்பிப் பார்த்தார். உங்களுக்கு இப்படி ஒரு போன் வந்தால் அந்த நம்பருக்குப் பணம் அனுப்பாதீர்கள். உங்கள் கிளைக்கே போய்க் கையெழுத்துப் போடுங்கள். ஆனால் வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம்: 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆம் பிரிவு, தப்பாக வந்ததைத் திருப்பித் தரச் சொல்கிறது.

நம்மவர் வந்தது வியாழக்கிழமை. ஏடிஎம் பணம் தராததால், சண்டை போட. கூடங்குளம் பக்கத்து மீனவர். தடைக்கால நிவாரணத்தைத்தான் அரசாங்கம் இந்தத் தடவை தாராளமாகப் போட்டிருக்கிறது என்று நினைத்திருக்கிறார். விஷயம் தெரிந்ததும் ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை 42,006 ரூபாய் வந்து சேர்ந்தது. பாக்கி 5,994-ஐ சஸ்பென்ஸில் நான் கட்டினேன். மீனவர் மூன்று தவணையில் தருவதாகச் சொல்லி அனுப்பினார்.

மெமோவுக்கு நான் பெருமையாக எழுதிய ஒரு வரி உண்டு. 2020-ல், அதே ஆகஸ்ட் 11-ஆம் தேதி, அமெரிக்காவில் சிட்டி வங்கி மூன்று பேர் பார்த்து அனுமதித்தபிறகும் சுமார் 90 கோடி டாலரைத் தப்பாக அனுப்பிவிட்டது. அதில் பெரும்பகுதிக்காக இரண்டு வருஷம் கோர்ட்டு ஏறியது. "இந்த ஒப்பீடு தேவையற்றது" என்று ஓரத்தில் எழுதித் திரும்பி வந்தது.

2025 ஏப்ரலிலிருந்து பணம் அனுப்பும் முன் பெறுபவர் பெயரைத் திரையில் பார்க்கும் வசதி வந்திருக்கிறது. கவுண்டரில் நீங்கள் நின்றாலும் பெயரை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

மீனவர் சொன்ன சொல் தவறவில்லை. மூன்று மாதமும் பஸ் ஏறி வந்து என் கையில் ரொக்கமாகக் கொடுத்தார். கணக்கில் போட்டிருக்கலாமே என்றேன்.

"வேண்டாம் சார், அது எங்கயாவது போயிரும்."