மூக்களந்த பெருமான்கள்

மூன்றடியில் உலகளந்த பெருமாளைக் கும்பிடுகிறோம். மூக்கை அளந்தே குலம் சொன்ன மகான்களை மறந்துவிட்டோம். நன்றி கெட்ட ஜனம்!

1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தைக் கட்டிக்காத்த எட்கர் தர்ஸ்டன் துரையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பழனி மலைக் குன்னுவரும் பளியரும்கூடத் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றிய அவருடைய ஏழு தொகுதி நூலில் இருக்கிறார்கள். மூக்களக்கும் முறை பரம சுலபம். மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் போதும். 70க்குக் கீழே என்றால் குறுகல், 85க்கு மேலே என்றால் அகலம், நடுவில் வந்தால் நடுத்தரம். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ரிஸ்லி துரை இன்னும் கெட்டிக்காரர். மூக்கு அகல அகலச் சாதி தாழும் என்று அதற்கு முன்பே வங்காளத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

போளூரில் ஒரு விவசாயியை உட்காரவைத்து அளப்பதாக வைத்துக்கொள்வோம். அகலம் 38 மில்லிமீட்டர், உயரம் 45. கணக்கு 84.4, நடுத்தர மூக்கு. உயரத்தை எடுக்கும் இடமோ நெற்றியெலும்பும் மூக்கெலும்பும் சேரும் பொருத்து. அது தோலுக்கடியில் இருப்பதால் விரலால் தடவித்தான் பிடிக்க வேண்டும். துரையின் விரல் ஒரு மில்லிமீட்டர் கீழே வழுக்கினால் உயரம் 44 ஆகும், கணக்கு 86.4 ஆகும். விவசாயி எழுந்திருக்காமலேயே வேறு வகைக்குப் போய்விடுவார். இத்தனை வேகத்தில் மனிதனை இடம்மாற்ற வேறு எந்தக் கருவியால் முடியும்?

நிறத்துக்கு, பெர்லின் மானுடவியலாளர் லுஷான் வகுத்த 36 கண்ணாடி வில்லைகள். வெயிலில் கறுத்த புறங்கையை விட்டு, வெயில் படாத மேற்கையின் உட்புறத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பளபளக்கும் கண்ணாடியும் பளபளக்காத தோலும் எப்படிப் பொருந்தும் என்று கேட்காதீர்கள். மேகம் மறைத்தால் ஓர் எண், விலகினால் வேறு எண். பார்ப்பவர் மாறினால் மூன்றாவது. ஒரே கைக்கு மூன்று நிறம் தந்த தாராளம்! முடிக்கும் அப்படித்தான்: நேர், அலை, சுருள் என்ற பெட்டிகளில் எந்தத் தலையையும் திணித்துவிடலாம்.

இவர்களைக் குறை சொன்னவர்களும் உண்டு. குடியேறிகளுக்கு அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளிடம் பெற்றோரின் மண்டை வடிவம் அப்படியே வருவதில்லை என்று மானுடவியலாளர் போவாஸ் காட்டினார். மாறாத இனத்தின் முத்திரை என்று நம்பிய மண்டைக்கே இப்படியா சோதனை? 1933இல் புள்ளியியலாளர் மகலனோபிஸ், ரிஸ்லியின் வங்காள அளவுகளைத் திரும்பக் கணக்குப்போட்டு, அவற்றில் பிழைகளை எடுத்துக்காட்டினார். துரைமார் போட்ட கூட்டலைச் சரிபார்ப்பது என்ன மரியாதையோ!

அதைவிட வருத்தம் வயநாட்டுப் பணியப் பெண்களை நினைத்தால்தான். தர்ஸ்டனைக் கண்டதும் ஓடிவிட்டார்களாம். தங்களில் சிறந்தவர்களைப் பாடம்செய்து அருங்காட்சியகத்தில் நிறுத்தப்போகிறார் என்று பயம். அவரே இதை எழுதி, அது முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஏங்கவும் செய்திருக்கிறார். எப்பேர்ப்பட்ட ரசிகர் பாருங்கள்!