படத்தில் கோடு நெருங்கினால் மலை செங்குத்தா?

கேள்வி: ஒரு டோப்போஷீட்டை மேஜையில் விரித்து மொபைலில் படமெடுத்தேன். குன்றின் வடக்குப் பக்கத்தில் சமஉயரக் கோடுகள் மிகவும் நெருக்கமாக இருக்கின்றன. வடக்குச் சரிவுதான் செங்குத்து என்கிறேன். கூட வரும் நண்பர் கிழக்கு என்கிறார். யார் சொல்வது சரி?
– தேனி வாசகர்

பதில்: உங்கள் நண்பர். நீங்கள் அனுப்பிய படத்தில் கோடுகளை விட்டுவிட்டு, முதலில் சிவப்புக் கட்டங்களைப் பாருங்கள். 1:50,000 தாளில் ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக்கு ஒரு கிலோமீட்டர். தாளில் எல்லாக் கட்டமும் 2 செ.மீ. சதுரம்தான். உங்கள் திரையிலோ நடுவரிசைக் கட்டம் 35 மி.மீ. அகலம் இருக்கிறது, மேல்வரிசைக் கட்டத்தின் உயரம் 20 மி.மீ.தான். மேஜையின் தெற்கு ஓரத்தில் நின்று மொபைலைச் சாய்த்து எடுத்திருக்கிறீர்கள். அதனால் தூரத்தில் இருந்த வடக்குப் பகுதி ஒடுங்கிவிட்டது. கட்டம் ஒடுங்கினால் அதற்குள் இருக்கும் கோடுகளும் சேர்ந்தே ஒடுங்கும்.

ஆகவே அளவுகோலாக ஸ்கேலை வைக்காமல், அந்தந்த இடத்துக் கட்டத்தையே வையுங்கள். வடக்கில் ஒரு தடித்த கோட்டுக்கும் அடுத்த தடித்த கோட்டுக்கும் நடுவே திரையில் 6 மி.மீ. இருக்கிறது. அங்கே 20 மி.மீ. ஒரு கிலோமீட்டர் என்பதால், அது 300 மீட்டர் தூரம். கிழக்கில் அதே இடைவெளி 7 மி.மீ. பார்வைக்குக் கொஞ்சம் அகலம்தான். ஆனால் அங்கே 35 மி.மீ. ஒரு கிலோமீட்டர், எனவே 200 மீட்டர்தான். இரண்டு பக்கமும் ஏறுவது 100 மீட்டர். 300 மீட்டருக்கு 100 மீட்டர் என்றால் சுமார் 18 பாகைச் சரிவு. 200 மீட்டருக்கு 100 என்றால் சுமார் 27 பாகை. கிழக்கில் ஏறுகிறவருக்கு முழங்கால் நன்றாகவே வலிக்கும்.

கேள்வி: இரண்டு தடித்த கோட்டுக்கு நடுவே 100 மீட்டர் என்று எப்படித் தெரியும்? என் படத்தில் மெல்லிய கோடுகள் எல்லாம் கலங்கிப்போய்ப் பழுப்புத் தீற்றலாகத் தெரிகின்றன.
– ஈரோடு வாசகி

பதில்: மெல்லிய கோடுகளை எண்ண வேண்டியதில்லை. இந்திய சர்வே துறையின் 1:50,000 தாள்களில் கோட்டிடைவெளி பெரும்பாலும் 20 மீட்டர். ஐந்தாவது கோடு ஒவ்வொன்றும் தடித்திருக்கும். அதில்தான் 500, 600 என்று உயரம் எழுதியிருக்கும். தடித்த கோட்டிலிருந்து தடித்த கோட்டுக்குத் தாவினாலே 100 மீட்டர் கணக்கு கிடைத்துவிடும். ஆனால் 20 என்று நீங்களாக வைத்துக்கொள்ளாதீர்கள். இடைவெளி தாளின் அடி ஓரத்தில் அச்சாகியிருக்கும். படமெடுப்பவர்கள் மலையை மட்டும் சட்டத்துக்குள் கொண்டுவந்து அந்த ஓரத்தை வெட்டிவிடுகிறார்கள். ஓரம் போய்விட்டதா? உயரம் எழுதிய இரண்டு தடித்த கோடுகளைப் பிடித்து, தெளிவாக இருக்கும் ஏதாவது ஒரு பக்கத்தில் அவற்றின் நடுவே எத்தனை இடைவெளி என்று எண்ணி வகுத்துவிடுங்கள். தீற்றலான இடத்தில் அதைச் செய்யாதீர்கள்.

கேள்வி: 1:50,000 என்று ஓரத்தில் இருக்கிறதே, திரையில் ஒரு செ.மீ. என்றால் அரைக் கிலோமீட்டர்தானே?
– நாமக்கல் வாசகர்

பதில்: தாளில் மட்டும்தான். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிய கணத்தில் அந்த விகிதம் போய்விட்டது. படத்தோடு சேர்ந்து பெரிதாவதும் சிறிதாவதும் கட்டங்களும் ஓரத்திலுள்ள அளவுப் பட்டையும்தான். அவற்றை மட்டும் நம்புங்கள்.

கேள்வி: 'V' மாதிரி வளைந்தால் பள்ளத்தாக்கு என்கிறார்கள். நீட்டிக்கொண்டிருக்கும் மேட்டுக்கும் அதே வளைவுதானே வருகிறது?
– திண்டுக்கல் மாணவி

பதில்: வளைவு ஒன்றுதான்மா, கூர் காட்டும் திசைதான் வேறு. கூர் உயரமான பக்கத்தைக் காட்டினால் பள்ளத்தாக்கு. தாழ்வான பக்கத்தைக் காட்டினால் மேடு. காரணம் தெரிந்துவிட்டால் மனப்பாடம் வேண்டாம். 500 மீட்டர் உயரத்திலேயே ஏறாமல் இறங்காமல் மலையைச் சுற்றி நடக்கிறீர்கள் என்று வையுங்கள். குறுக்கே ஓர் ஓடை வருகிறது. நேரே போனால் ஓடைக்குள் இறங்கிவிடுவீர்கள். 500-ஐ விடக்கூடாது என்றால், ஓடைத் தரையே 500 மீட்டராக இருக்கும் இடம் வரை மலைக்குள்ளே போய்த்தான் கடந்து திரும்ப வேண்டும். அந்த நடைதான் 'V'.

எந்தப் பக்கம் உயரம் என்பதை எண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒரே ஓர் எண்ணை வைத்துச் சொல்லாமல் அடுத்தடுத்த இரண்டு எண்களைப் பாருங்கள். கூரின் வழியே நீலக்கோடு போனால் சந்தேகமே இல்லை. நம் மலைகளில் பல ஓடைகள் வறண்டவை. அவற்றைத் தாளில் கறுப்பில் போட்டிருப்பார்கள். மங்கலான படத்தில் அதைப் பாதை என்று எடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. ஒற்றையடிப் பாதை சிவப்பில் விட்டுவிட்டு வரும். கறுப்புக் கோடு ஒவ்வொரு 'V'யின் கூரையும் தவறாமல் தொட்டுக்கொண்டு இறங்கினால் அது ஓடை. பாதைக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

கேள்வி: படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் வடக்கே மறந்துவிட்டது. அம்புக்குறியும் படத்தில் இல்லை.
– கோவை வாசகர்

பதில்: கட்ட எண்களைத் தேடுங்கள். ஒரு வரிசை எண்கள் கிழக்கு நோக்கிக் கூடும். மற்றொரு வரிசை வடக்கு நோக்கிக் கூடும். எண்ணும் வெட்டுப்பட்டிருந்தால் ஊர்ப்பெயர்கள் நேராக வாசிக்க வருகிற மாதிரி படத்தைப் பிடியுங்கள், மேல்பக்கம் வடக்கு. ஓடைப் பெயர்களை இதற்கு நம்பாதீர்கள். அவை ஓடை போகிற போக்கில் வளைந்து கிடக்கும்.

கேள்வி: இந்தக் கோட்டையெல்லாம் முதலில் யார் மலைக்குப் போட்டது?
– மதுரை வாசகர்

பதில்: பூமியின் எடையைத் தேடியபோது முக்கியமாகப் பயன்பட்ட கோடுகள் இவை. 1774இல் ஸ்காட்லாந்தின் ஷிகாலியன் மலை தூக்குக்குண்டைத் தன் பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்று வானியலாளர் மாஸ்கலைன் அளவெடுத்தார். அதை வைத்துப் பூமியை எடைபோட மலையின் கன அளவு தெரிந்தாக வேண்டும். கையில் இருந்ததோ சிதறிய உயரப் புள்ளிகள். கணக்குப் போட வந்த சார்லஸ் ஹட்டன் ஒரே உயரமுள்ள புள்ளிகளைக் கோட்டால் இணைத்தார். மலையின் உருவம் தாளில் எழுந்துவிட்டது.

கேள்வி: "சரிவை விவரி" என்று தேர்வில் கேட்டால் "செங்குத்து" என்று எழுதிவிட்டு நின்றுவிடுகிறேன். மேற்கொண்டு என்ன எழுதுவது?
– கரூர் மாணவர்

பதில்: மேலிருந்து கீழ்வரை ஒரே சரிவாக இருக்கும் பக்கம் அபூர்வம், தம்பி. இடைவெளி எங்கே மாறுகிறது என்று எழுதுங்கள். தேனி வாசகரின் குன்றை நான் இப்படி எழுதுவேன்: "உச்சி 846 மீட்டர். கிழக்குச் சரிவே மிகச் செங்குத்து. 800-இலிருந்து 600 வரை கோடுகள் நெருங்கி, அதன் கீழே விலகுவதால் அது உள்வளைந்த சரிவு. மேற்கில் கோடுகள் உச்சியருகே விலகியும் அடியில் நெருங்கியும் இருப்பதால் அது புறம் புடைத்த சரிவு. தெற்கில் வறண்ட ஓடை ஒன்று பள்ளத்தாக்கை அறுத்துக்கொண்டு இறங்குகிறது." அந்தப் புடைத்த மேற்கில் ஏறுகிறவருக்கு அடிவாரத்திலிருந்து உச்சி தெரியாது, நடுவிலுள்ள மேடு மறைத்துவிடும்.

கேள்வி: கோடுகள் விலகியிருந்ததை நம்பிப் போனோம். எதிரே ஓராள் உயரத்துக்கு மேல் நேர்ப்பாறை! வரைபடம் தவறா?
– தென்காசி வாசகர்

பதில்: தவறில்லை. கோட்டிடைவெளி 20 மீட்டர் என்றால், இரண்டு கோட்டுக்கு நடுவே 15 மீட்டர் பாறை நின்றாலும் எந்தக் கோடும் அதைத் தொடாமல் போகலாம். பாறைக் குறியீடு அச்சாகியிருந்தால்தான் தெரியும். மங்கலான படத்தில் அதுதான் முதலில் அழியும். அடுத்த முறை தாளைத் தட்டையாக விரித்து, நேர்மேலே மொபைலைப் பிடித்து, ஓரம் உட்பட ஒரு படமும் போகிற பக்கத்தை மட்டும் கிட்டத்தில் இன்னொரு படமும் எடுங்கள். நான்கு மூலைக் கட்டங்களும் ஒரே அளவாக வந்திருக்கின்றனவா என்று தாளை மடிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.