சத்தம் போட்டா மசோதா நிக்குமா?

பேராண்டி, வர்ற தேர்தல்ல உனக்கு சீட்டு நிச்சயம்னு திண்டிவனத்துல இருந்து மயிலம் வரைக்கும் சொல்லிக்கினு திரியறியாம். சந்தோஷம். நீ ஜெயிச்சாலும் உன் கட்சி இப்ப இருக்கற இருப்புக்கு எதிர்க்கட்சி வரிசையிலதான் உக்காரணும்னு உனக்கே தெரியும். அதுக்கும் ஒரு பதில் வச்சிருக்க: "தாத்தா, ஒரு மசோதாவைக்கூட நிறைவேற விடமாட்டேன், சபையையே நடக்க விடமாட்டேன்." இதைக் கேட்டதும் எனக்கு உன் மேல பெருமை வரல. ஆளுங்கட்சிக்காரன் மேல பொறாமைதான் வந்துச்சு. இப்படி ஒரு எதிரி கிடைக்க அவன் என்ன புண்ணியம் பண்ணானோ!

நம்ம விழுப்புரத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் வந்துட்டுப் போச்சே, ஞாபகம் இருக்கா? 2021 தொடக்கத்துல, வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தைப் பிரிச்சு, ஜெயலலிதா பேர்ல ஆரம்பிச்சாங்க. மே மாசம் ஆட்சி மாறுச்சு. ஆகஸ்ட் 31, அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட சேர்க்கற மசோதா சபைக்கு வந்துச்சு. கொண்டாந்த மந்திரி பொன்முடியும் நம்ம ஜில்லாக்காரர்தான். கொரோனா காலம், சபை கலைவாணர் அரங்கத்துல நடந்துக்கினு இருந்துச்சு. அதிமுககாரங்க வெளிநடப்பு பண்ணாங்க, வாலாஜா ரோட்டுல உக்காந்தாங்க, போலீஸ் வந்து பிடிச்சுக்கினு போச்சு. டிவியில நல்லாத்தான் இருந்துச்சு. உள்ள மசோதா நிறைவேறிடுச்சு. ரோட்டுல உக்காந்தவன் காருக்குத்தான் தடை, மசோதாவுக்கு என்ன தடை?

ஒரு கட்சியை மட்டும் சொல்றேன்னு நினைக்காத. 2017 பிப்ரவரி 18, எடப்பாடி நம்பிக்கை வாக்கு கோரின அன்னைக்கு ரகசிய வாக்கெடுப்பு கேட்டு திமுககாரங்க சபையை நடக்க விடல. அவங்களைக் காவலர்களை வச்சு வெளியேத்தினாங்க. ஸ்டாலின் கிழிஞ்ச சட்டையோட வெளியே வந்தாரு. உள்ள 122-க்கு 11-னு கணக்கு முடிஞ்சுபோச்சு. இந்தப் பக்கம் இருக்கும்போது இவங்க செய்யறதை, அந்தப் பக்கம் போனா அவங்க செய்வாங்க. நீயும் அதையே செய்யணும்னு நெத்தியில எழுதியா இருக்கு?

"அப்ப அமெரிக்காக்காரன் மாதிரி விடிய விடியப் பேசிட்டா?"ன்னு அடுத்த கேள்வி கேட்ப. அங்க செனட்டுல ஒருத்தன் எழுந்து நின்னு பேச ஆரம்பிச்சா, அவனா நிறுத்தற வரைக்கும் தலைவர் நிறுத்த முடியாது. நம்ம ஊரு தெருக்கூத்து மாதிரி, விடிஞ்சாத்தான் வேஷம் கலையும். 1957-ல ஸ்ட்ராம் தர்மண்ட்னு ஒருத்தர் கறுப்பின மக்களோட உரிமைச் சட்டத்தை எதிர்த்து 24 மணி நேரம் 18 நிமிஷம் பேசினாரு. அவரு பேசி முடிச்சதும் சட்டம் நிறைவேறிடுச்சு, அது வேற விஷயம். 2025-ல கோரி புக்கர்னு ஒருத்தர் 25 மணி நேரத்துக்கு மேல நின்னு அந்தக் கணக்கைத் தாண்டினாரு. மசோதாவைத் தடுக்க இப்பல்லாம் அங்க நின்னு பேசவேண்டிய அவசியம்கூட இல்ல. பேச்சை முடிக்க 100-ல 60 பேர் சம்மதிக்கணும். 41 பேர் மாட்டேன்னா மசோதா அப்படியே கிடக்கும்.

நம்ம ஊருல அந்தப் பருப்பு வேகாது. எந்த மசோதாவுக்கு எத்தனை மணி நேரம்னு அலுவல் ஆய்வுக் குழு முன்னாடியே பிரிச்சு வச்சிடும். அதுலயும் கட்சி பலத்துக்கு ஏத்த மாதிரிதான் நிமிஷம். உன் பங்கு அஞ்சு நிமிஷம்னா நாலாவது நிமிஷமே மணி அடிக்கும், அஞ்சாவது நிமிஷம் மைக் செத்துப்போகும். அதுக்கப்புறம் நீ பேசறது உனக்கும் பக்கத்து சீட்டுக்காரனுக்கும் மட்டும்தான். பேச வழியில்லாதவன் கத்தறான், கத்தி முடிச்சவன் நடுக்கூடத்துக்கு ஓடறான். அங்கதான் ஆளுங்கட்சி வாசல்ல கோலம் போட்டுக் காத்திருக்கும்.

நம்பலையா? 2018 மார்ச்சை எடுத்துக்கோ. காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு, மக்களவையில 37 எம்பி வச்சிருந்த அதிமுக பதாகையோட நடுக்கூடத்துல நின்னுச்சு. நம்ம விழுப்புரம் தொகுதியும் அந்த 37-ல ஒண்ணு. ஆந்திராக்காரங்க, தெலங்கானாக்காரங்கன்னு ஆளாளுக்கு ஒரு கோரிக்கை, ஆளாளுக்கு ஒரு சத்தம். கேட்டதுல தப்பே இல்ல, தண்ணி வேணும்தான். ஆனா மார்ச் 14 அன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுமா? அந்தக் கூச்சலுக்கு நடுவுலயே நாட்டோட பட்ஜெட்டு அரை மணி நேரத்துக்குள்ள நிறைவேறிடுச்சு. விவாதிக்க நேரமில்லாத மானியக் கோரிக்கைங்களையெல்லாம் ஒண்ணாக் கட்டி ஒரே குரல் வாக்கெடுப்புல முடிக்கறதுக்குக் கில்லட்டின்னு பேரு. பிரெஞ்சுக்காரன் தலையை வெட்டின மிஷின் பேருதான், சும்மா வைக்கல.

அன்னைக்கு பட்ஜெட்டோட சேர்ந்து நிறைவேறின நிதி மசோதாவுக்குள்ள என்ன இருந்துச்சு? கட்சிங்க வெளிநாட்டுப் பணம் வாங்கினதுல சட்டச் சிக்கல் இருந்துச்சு. அதை 1976 வரைக்கும் பின்தேதியிட்டுச் சரிபண்ற ஒரு பிரிவு இருந்துச்சு. எம்பி சம்பளத்தை 50,000-ல இருந்து ஒரு லட்சமா ஆக்கற ஏற்பாடும் இருந்துச்சு. ரெண்டையும் யாரும் ஒரு வார்த்தை கேக்கல. நடுக்கூடத்துல நின்னு தொண்டை கிழியக் கத்தினவருக்கும் சம்பளம் ரெட்டிப்பாச்சு. போராட்டத்துக்கு இதைவிட நல்ல கூலி யாரு குடுப்பா?

அதோட முடியல. அதே வாரம் மோடி அரசு மேல நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டு வர நோட்டீஸ் வந்துச்சு. அதை எடுத்துக்கணும்னா 50 பேர் எழுந்து நிக்கணும், சபாநாயகர் தலையை எண்ணணும். நடுக்கூடத்துல பதாகையோட ஆளுங்க நின்னா எப்படி எண்றது, சபை ஒழுங்குல இல்லைன்னு சொல்லி சுமித்ரா மகாஜன் நாளுக்கு நாள் ஒத்தி வச்சாங்க. ஏப்ரல் 6-ல கூட்டத்தொடரே முடிஞ்சுபோச்சு. சத்தம் போட்டு அரசைத் தடுக்கப் போனவங்க, அரசுக்கே வேலி கட்டிக் குடுத்துட்டு வந்தாங்க. ஜூலையில அந்தத் தீர்மானம் ஒருவழியா வந்தப்ப 126-க்கு 325-னு தோத்துச்சு. அதிமுக ஓட்டு அந்த 325 பக்கம். தெரியாமக் கட்டின வேலியா, தெரிஞ்சு கட்டினதான்னு நீயே முடிவு பண்ணிக்கோ, நான் வயசானவன்.

சரி, வேற என்னதான் செய்யறதுன்னு கேக்கற. ஆளே கம்மியா இருக்கறவனுக்குக் கையில ரெண்டு சாமான்தான் உண்டு: ஒண்ணு பேப்பர், இன்னொண்ணு எண்ணிக்கை. மசோதாவைத் தெரிவுக்குழுவுக்கு அனுப்புன்னு எழுதிக் குடுக்கலாம். அது போச்சுன்னா மாசக்கணக்குல உக்காந்து படிப்பாங்க, ஜனங்ககிட்ட கருத்துக் கேப்பாங்க. அப்புறம், குரல் வாக்கெடுப்பு எடுத்து "ஆம் என்போர் அதிகம்"னு தலைவர் சொன்ன உடனே, "டிவிஷன்!"னு கேக்கலாம். கேட்டா எண்ணியே ஆகணும். யாரு எந்தப் பக்கம்னு பேரோட பதிவாகும்.

இதை வச்சு நடந்த சண்டைதான் 2020 செப்டம்பர் 20. வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவைக்கு வந்த நாள். விழுப்புரம் மார்க்கெட் கமிட்டியில மல்லாட்டை மூட்டை இறக்கறவனுக்கு நேரா சம்பந்தப்பட்ட விஷயம்: கமிட்டிக்கு வெளியே விக்கறது வாங்கறதுக்குக் கட்டணம் கிடையாதுன்னு ஒரு மசோதா, ஒப்பந்த சாகுபடிக்கு இன்னொண்ணு. கொரோனாவால மாநிலங்களவை காலை 9-ல இருந்து மதியம் 1 வரைதான். எதிர்க்கட்சிக்காரங்களுக்கு அந்த 1 மணிதான் துருப்புச் சீட்டு. "மணியாச்சு, மிச்சத்தை நாளைக்கு வச்சுக்கலாம்"னு குலாம் நபி ஆசாத் கேட்டாரு. ஒரு நாள் கிடைச்சா நாலு பேரைப் பேசித் திருப்பலாமே. துணைத் தலைவர் ஹரிவன்ஷ் ஒத்துக்கல, நேரத்தை நீட்டிட்டாரு.

தெரிவுக்குழுவுக்கு அனுப்பணும்னு தீர்மானம் குடுத்தவங்கள்ல நம்ம திருச்சி சிவாவும் ஒருத்தர். அதைக் குரல் வாக்கெடுப்புல தள்ளினாங்க. டிவிஷன் கேட்டாங்க, குடுக்கல. அதுக்குள்ள பாதிப் பேரு நடுக்கூடத்துக்கு வந்துட்டாங்க. டெரிக் ஓ பிரையன் விதிப் புத்தகத்தைத் தூக்கிக்கினு தலைவர் மேஜைக்கே போனாரு. மைக் ஒடிஞ்சுது, டிவியில சத்தம் நின்னுபோச்சு, மசோதா ரெண்டும் நிறைவேறிடுச்சு. ஏன் எண்ணலன்னு கேட்டதுக்கு வந்த பதிலைத்தான் நீ மனப்பாடம் பண்ணணும்: டிவிஷன் கேக்கறவன் தன் சீட்டுல இருந்து கேக்கணும். அப்புறம் வீடியோவைப் பார்த்தா, சிவா கேட்டப்ப தன் சீட்டுலதான் இருந்தாருன்னு பத்திரிகையில வந்துச்சு. வந்து என்ன பண்றது? நடுக்கூடத்துல நின்ன கூட்டம், சீட்டுல நின்னவரு குரலை அமுக்கிப்போச்சு. எண்ண மனசில்லாத தலைவருக்கு அந்தக் கூட்டமே சாக்காப் போச்சு.

எண்ணியிருந்தா ஜெயிச்சிருப்பாங்களான்னு நான் சொல்லல. ஆனா எண்ணியிருந்தா பேரு இருந்திருக்கும். அன்னைக்கு அதிமுகவோட எஸ்.ஆர். பாலசுப்பிரமணியம் பேசும்போது மசோதாவைக் குறை சொன்னாரு, கட்சி ஆதரவுன்னுது. இந்த மாதிரி ஆளுங்களுக்குக் குரல் வாக்கெடுப்பு பெரிய வரப்பிரசாதம். வாய் ஒண்ணு சொல்லும், ஓட்டு ஒண்ணு சொல்லும், ரெண்டுக்கும் ரசீது கிடையாது. டிவிஷன் கேக்கறதே அந்த ரசீதுக்குத்தான்.

மறுநாள் 8 எம்பியை சஸ்பெண்ட் பண்ணாங்க. கோவத்துல எதிர்க்கட்சிங்க சபையையே புறக்கணிச்சாங்க. காலி நாற்காலியைப் பார்த்த அரசு, செப்டம்பர் 23-ல தொழிலாளர் சட்டத் தொகுப்பு மூணையும் அங்க நிறைவேத்திக்கிச்சு. எதிர்த்து "இல்லை"ன்னு சொல்லக்கூட ஆள் இல்ல. அந்த வேளாண் சட்டங்களை நிறுத்தினது சபை இல்ல, டெல்லி எல்லையில ஒரு வருஷம் டிராக்டரோட உக்காந்தவங்க. 2021 நவம்பர் 29-ல சட்டத்தைத் திரும்ப வாங்கினப்பவும் விவாதம் இல்ல, குரல் வாக்கெடுப்புதான். வந்தப்பவும் எண்ணல, போனப்பவும் பேசல.

பேப்பர் எவ்வளவு தூரம் இழுக்கும்னு பாக்கணும்னா லோக்பாலைப் பாரு. 2011 டிசம்பர் 29, கூட்டத்தொடரோட கடைசி நாள். மாநிலங்களவையில அதுக்கு 187 திருத்தம் வந்து குவிஞ்சுது. பேசிக்கினே இருந்தாங்க, ஒரு எம்பி மசோதாவைக் கிழிச்சாரு, மணி 12 ஆச்சு, ஓட்டே எடுக்காம சபையை முடிச்சாங்க. மசோதா அங்க நிறைவேற 2013 டிசம்பர் ஆயிடுச்சு. கிழிச்ச தாளுக்கு அந்தத் தாமதம் இல்ல பேராண்டி, எழுதிக் குடுத்த 187 தாளுக்கு. அதனால மெட்ராஸ் போறதுக்கு முன்னாடி பேரவை விதிப் புத்தகம் ஒண்ணும் ஒரு ரீம் வெள்ளைத் தாளும் வாங்கிக்கோ. கிழியறதுக்குன்னு எக்ஸ்ட்ரா சட்டை தைக்கக் குடுத்திருக்கியாமே, டெய்லர் துணியை வெட்டறதுக்குள்ள போய் அந்தக் காசைத் திரும்ப வாங்கிக்கோ.