தலை எண்ணும் அண்ணன்

வீரநாராயணப் பெருமாள் சந்நிதியில் கண்ணை மூடி நின்றாலும், வரிசையில் நம்ம கனெக்‌ஷன் எத்தனை என்று விரல் மடக்குவார் எங்கள் இன்டர்நெட் அண்ணன். கல்யாணப் பந்தியில் பாயசம் வருவதற்குள் எதிர் வரிசையை எண்ணி முடித்திருப்பார். துக்க வீட்டிலும் எண்ணுவார். அங்கே கொஞ்சம் மெதுவாக.

காட்டுமன்னார்கோயிலில் அவருக்கு நூறு கனெக்‌ஷன். தொண்ணூறு வீடுகள், மாதம் 500 ரூபாய். ரைஸ் மில், ஆஸ்பத்திரி, மண்டபம் என்று பத்து பெரிய இடங்கள், தலைக்கு 5,500. ஆக மாதம் ஒரு லட்சம். கணக்கு எழுதுபவன் நான்.

ஒரு மாதம் எட்டு வீடுகள் விலகின. "எட்டு தலை போச்சேடா தம்பி!" என்று அண்ணன் ராத்திரி சாப்பிடவில்லை. போனது 4,000 ரூபாய். தலையில் 8 சதவீதம், பணத்தில் 4. அடுத்த மாதம் ஒரே ஒரு ரைஸ் மில் போனது. "ஒண்ணுதான்!" என்று பாதுஷா வாங்கி வந்தார். தலையில் சுமார் 1 சதவீதம், பணத்தில் கிட்டத்தட்ட 6. சென்னையில் சாஃப்ட்வேர் சந்தா விற்பவர்கள் முன்னதை லோகோ சர்ன், பின்னதை ரெவின்யூ சர்ன் என்று தனித்தனியே எழுதுகிறார்கள். ஒன்று இறங்கும்போது மற்றது ஏறலாம். பாதுஷா நன்றாகத்தான் இருந்தது.

2018 கடைசியில் ஏர்டெல் 35 ரூபாய் குறைந்தபட்ச ரீசார்ஜ் கட்டாயமாக்கியது. ஒரே காலாண்டில் சுமார் 5 கோடி இணைப்புகள் கணக்கிலிருந்து குறைந்தன. ஆனால் தலைக்கு மாத வருமானம் அடுத்த காலாண்டில் 104 ரூபாயிலிருந்து 123 ஆனது. இதைச் சொன்னேன். "அஞ்சு கோடியா!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மீதியைக் கேட்கவில்லை.

தலை எண்ணுவது வீண் என்று சொல்ல மாட்டேன். அந்த எட்டு வீடுகளும் ஒரே தெரு. அங்கே கேபிளில்தான் கோளாறு என்று கண்டுபிடித்தது அவருடைய விரல்கள்தான். என் ரூபாய்க் கணக்கில் தெரு தெரியாது.

ஆனால் பிறகு செய்தாரே ஒரு வேலை! விலகப்போவதாக மிரட்டிய இருபது வீடுகளுக்கும் வாசல் வாசலாகப் போய் மாதம் 200 ரூபாய் குறைத்தார். ஒரு தலை போகவில்லை. வருமானத்தில் போனது 4,000. எட்டு வீடுகள் விலகியபோது போன அதே தொகை, இந்த முறை அவர் கையாலேயே. ஆள் போகாமல் பணம் மட்டும் போனால் அவர் நோட்டில் அதற்குப் பத்தி கிடையாது.

அந்த ரைஸ் மில் விலகுவதற்கு முன், லைன் படுத்து மூன்று நாள் போன் அடித்தார்கள். அண்ணன் எடுக்கவில்லை. ஏதோ ஒரு வாசலில் 200 ரூபாய் குறைத்துக்கொண்டிருந்தார்.

இந்த மாதம் என் சம்பளத்திலும் ஐந்நூறு குறைந்தது. கேட்டால், "நீதான் எங்கேயும் போகலையேடா" என்கிறார்.