கடலில் மறையாத சூரியன்

கேள்வி: எண்ணூர்க் கரையில் ஒரு ரிசார்ட் வருவதாக வைத்துக்கொள்வோம். வில்லா, நீச்சல்குளம், பின்னால் கடலில் மூழ்கும் சூரியன் என்று விளம்பரக் கையேட்டுக்குக் கணினிப் படம் செய்தால் எப்படி இருக்கும்? (திருவொற்றியூர் வாசகர்)

பதில்: பிரமாதமாக இருக்கும், கோவாவில். ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கிழக்கே இருக்கிறது. விடியலில் காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போகிறவருக்குச் சூரியன் எந்தப் பக்கம் வேலைக்கு வருகிறது என்று தெரியும். திருவொற்றியூரிலிருந்து பார்த்தால், மாலையில் அது மணலி ஆலைகள் இருக்கும் திசையில் இறங்கும். ஜூனில் நேர்மேற்கிலிருந்து ஏறக்குறைய 24 பாகை வடக்கே நகரும். டிசம்பரில் அதே அளவு தெற்கே. கடல் பக்கம் மட்டும் போகாது. மென்பொருளில் ஊரின் அட்சரேகை 13, தீர்க்கரேகை 80, மாலை நேரம் மூன்றையும் கொடுத்தால் சூரியன் ஒழுங்காக மேற்கில்தான் நிற்கும். படம் எடுப்பாக இல்லையென்று வடக்கு காட்டும் அம்பைத் திருப்பிவிடும்போதுதான் பொய் தொடங்குகிறது.

கேள்வி: விளம்பரப் படம்தானே? திசைகாட்டியோடு யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

பதில்: பணம் கட்டியவர் பார்ப்பார். மற்ற அலங்காரத்தில் மிகைப்படுத்தினால் ரசனை என்று சமாளிக்கலாம். ‘பால்கனியிலிருந்து கடலில் அஸ்தமனம்’ என்பது அறையோடு சேர்த்து விற்கும் சரக்கு. அதை எந்த மேலாளராலும் கொண்டுவந்து தர முடியாது.

கேள்வி: அப்படியென்றால் எங்கள் கரைக்கு மாலைப் படமே கிடையாதா?

பதில்: உண்டு. கேமராவைக் கடலுக்கு முதுகு காட்டி மேற்கே திருப்பச் சொல்லுங்கள். சூரியன் அடிவானத்துக்கு 5 பாகை மேலே நிற்கையில் நிழல் பொருளின் உயரத்தைப்போல் பதினோரு மடங்கு நீளும். 80 செ.மீ. உயரமுள்ள சாய்வு நாற்காலி முதுகின் நிழல் 9 மீட்டர் நீண்டு நம்மை நோக்கி வரும். நாற்காலியின் நம் பக்கம் இருண்டிருக்கும். அது பளிச்சென்று தெரிந்தால், சூரியனுக்குப் போட்டியாக யாரோ விளக்கு வைத்திருக்கிறார் என்று பொருள். அடுத்தது தண்ணீர். நேர்கீழே பார்த்தால் அது ஒளியில் 2 சதவீதத்தைத்தான் திருப்பும். பார்வை சாயச் சாய அந்த அளவு ஏறி, தண்ணீரை உரசிப் பார்க்கும் கோணத்தில் கிட்டத்தட்ட முழுக் கண்ணாடியாகிவிடும். அதனால் நம் காலடியில் குளத்தின் ஓடுகளும், தூரத்தில் வானமும் தெரிய வேண்டும். முழுக் குளமும் கண்ணாடியாக மின்னினால் அங்கே தண்ணீர் இல்லை, குரோமியத் தகடு இருக்கிறது. வில்லாவின் படத்தைத் தலைகீழாக ஒட்டுவதும் செல்லாது. பிரதிபலிப்பு தண்ணீர் மட்டத்திலிருந்து அண்ணாந்து பார்ப்பது, அதில் கூரையின் அடிப்பக்கம் தெரியும்.

கடலையும் காட்டியே தீர வேண்டுமா? சூரியன் மறைந்த சில நிமிடங்களில் கிழக்கே திரும்புங்கள். கடல்மேல் பூமியின் நிழல் சாம்பல்நீலமாக எழும், அதற்கு மேல் இளஞ்சிவப்புப் பட்டை. அந்தக் கையேட்டில் கோவாவின் அஸ்தமனத்தைக் கடன் வாங்க வேண்டியதில்லை.