50,000 எங்கே போச்சு?

கேள்வி: ஆஃபர் லெட்டரில் சி.டி.சி. 6 லட்சம். மாதம் 50,000 கைக்கு வருமா?

பதில்: வராது! சி.டி.சி. என்பது கம்பெனி போடும் செலவுக் கணக்கு.

அடிப்படைச் சம்பளம் 25,000 என்று வைத்துக்கொள்வோம். அந்த 50,000-க்குள்ளேயே கம்பெனி கட்டும் பி.எஃப். 3,000, கிராஜுவிட்டி சுமார் 1,200, 'வேரியபிள் பே' 5,000 ஒளிந்திருக்கும். கிராஜுவிட்டி கிடைக்க, நிரந்தர ஊழியர் பொதுவாக ஐந்தாண்டு உழைக்க வேண்டும். வேரியபிளுக்கோ மேனேஜர் மனசு வைக்க வேண்டும்!

மிச்சம் 40,800. இதுதான் கிராஸ். இதிலும் ஊழியர் பங்கு பி.எஃப். இன்னொரு 3,000, சென்னையில் தொழில்வரி மாதத்துக்குச் சுமார் 200 போய்விடும். இந்தச் சம்பளத்துக்குப் புதிய முறையில் வருமான வரி இல்லை. ஆக, கைக்கு 37,600.

கையெழுத்துக்கு முன், ஹெச்.ஆரிடம் மாதவாரியான சம்பளப் பட்டியலைக் கேட்டு வாங்குவது நல்லது. வீட்டு வாடகையை அதைப் பார்த்துப் பேசலாம்.